மீட்டர் பிரிட்ஜ் பிராக்டிகல் எடுக்குற ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிளஸ் டூ பிசிக்ஸ் லேப் பாத்துக்கிற சாருங்களுக்கும் மேடங்களுக்கும், எக்ஸ்டர்னலா வர்றவங்களுக்கும் வணக்கம்.

நான் காலேஜ்ல முதல் வருஷ பிசிக்ஸ் லேப் எடுக்குறேன். ஸ்கூல் முடிச்சு வர்ற பசங்க மீட்டர் பிரிட்ஜ் கனெக்‌ஷன் நல்லாவே குடுக்குறாங்க, ஜாக்கிய கம்பி மேல தேய்க்காம தொட்டுத் தொட்டு எடுக்கணும்னும் தெரியுது. ஆனா பாக்ஸ்ல Q-வ மாத்தி மாத்திப் போடும்போது காயிலோட P கொஞ்சம் கொஞ்சமா இறங்குனா, "தப்பு வந்துருச்சு"ன்னு ரீடிங்க அழிச்சுட்டு, எல்லா வரிசையிலயும் ஒரே P வர்ற மாதிரி எழுதிடுறாங்க. அந்த இறக்கம் தப்பே இல்ல, பிரிட்ஜோட ரெண்டு முனையிலயும் என்ன இருக்குன்னு அதுதான் காட்டிக்குடுக்குது, அதைப் பத்திதான் இந்த மடல்.

P = Q × l/(100 − l) அப்படிங்கிற சூத்திரம், கம்பி மட்டும்தான் ரெசிஸ்டன்ஸ், அது ஸ்கேலோட 0-ல சரியா ஆரம்பிச்சு 100-ல சரியா முடியுதுன்னு நம்பி எழுதுனது. நிஜத்துல கம்பிய காப்பர் பட்டையோட சேத்த சால்டர்லயும் ஸ்க்ரூலயும் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருக்கு, பட்டையிலயும் இருக்கு, கம்பி ஆரம்பிக்கிற எடமும் ஸ்கேல் பூஜ்யமும் பல போர்டுல ஒத்துப்போறதே இல்ல. இதெல்லாத்தையும் சேத்து "இத்தன சென்டிமீட்டர் கம்பிக்குச் சமம்"னு சொல்றதுதான் எண்ட் கரெக்‌ஷன், இடது முனைக்கு α, வலது முனைக்கு β, அப்போ உண்மையான சூத்திரம் P/Q = (l + α)/(100 − l + β).

ஒரு பிரிட்ஜ்ல α 0.8, β 0.4 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க, காயில் சரியா 2 ஓம். Q-வும் 2 ஓம் போட்டா பேலன்ஸ் 49.8-ல வரும், கரெக்‌ஷன் இல்லாத கணக்குல P 1.984. கேப்ப மாத்திப் போட்டாலும் பேலன்ஸ் அதே 49.8-தான், ஆனா இப்போ P 2.016 வரும், சராசரி பாத்தா அச்சா 2. இங்க மாத்திப் போட்டு சராசரி எடுக்குறது அருமையா வேலை செய்யுது. இப்போ Q-வ 10 ஓம் ஆக்குங்க. பேலன்ஸ் 16.1-ல வரும், P 1.92. மாத்திப் போட்டா 83.5, P 1.98. சராசரி 1.95-தான், ரெண்டு பக்கமுமே 2-க்கு கீழ போயிருச்சு, அப்புறம் சராசரி எடுத்து எப்படி 2-க்கு வரும்? கேப்ப மாத்துறது α-வுக்கும் β-வுக்கும் உள்ள வித்தியாசத்தத்தான் அடிக்கும், ரெண்டும் சேந்த மொத்தம் அப்படியே நிக்கும், பேலன்ஸ் நடுவுல இருந்து தள்ளிப் போகப் போக அது பெருசா தெரியும். அதே 16.1-ல கரெக்‌ஷன் சேத்துப் பாருங்க, 10 × 16.9/84.3, 2.00 வந்துரும்.

α, β கண்டுபிடிக்க தெரிஞ்ச ரெண்டு ரெசிஸ்டன்ஸ் போதும், அதுவும் ஒண்ணுக்கொண்ணு நல்லா வித்தியாசமா இருக்கணும். இடதுல P = 10, வலதுல Q = 1 ஓம் போட்டு l1 எடுங்க, மாத்திப் போட்டு l2 எடுங்க:

```
α = (Q·l1 − P·l2) / (P − Q)
β = (P·l1 − Q·l2) / (P − Q) − 100
```

மேல சொன்ன பிரிட்ஜ்ல 91.2-உம் 8.4-உம் வரும், α = (91.2 − 84)/9 = 0.8. இங்க l2-ல ஒரு மில்லிமீட்டர் பிசகுனா α 0.11 சென்டிமீட்டர் நகந்துரும், அதனால அந்த ரீடிங்க மட்டும் அவசரப்படாம திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லுங்க. 1 ஓம் பக்கத்து கனெக்‌ஷன் வயர் குட்டையா தடிமனா இருக்கணும், பாக்ஸ் பிளக்க நல்லா திருகி அழுத்தணும், ஏன்னா அங்க 0.01 ஓம் கூடுனாலும் பேலன்ஸ் ஒரு மில்லிமீட்டர் கிட்ட ஓடும், அது முனையோட குத்தம் இல்ல. α மைனஸ்ல வந்தாலும் பயப்பட வேண்டாம், கம்பி ஸ்கேல் பூஜ்யத்துக்கு உள்ள தள்ளி ஆரம்பிச்சிருந்தா அப்படித்தான் வரும்.

நான் கேக்குறது இதுதாங்க. ஒவ்வொரு போர்டுக்கும் வருஷ ஆரம்பத்துல α, β எடுத்து ஒரு சீட்டுல எழுதி போர்டுலயே ஒட்டி வைங்க, கம்பி மாத்துனா சீட்டையும் மாத்துங்க. அதுக்கு நேரமில்லேன்னா Q-வ பேலன்ஸ் 40-க்கும் 60-க்கும் நடுவுல வர்ற மாதிரி மட்டும் குடுங்க, மாத்திப் போட்டு சராசரி எடுத்தாலே போதும். ரெக்கார்ட்ல P இறங்கிக்கிட்டே போற டேபிளப் பாத்தா மார்க் குறைக்காதீங்க, வைவாவுல அந்தப் பையன்கிட்ட "ஏன் இறங்குது?"ன்னு கேளுங்க.