ஒரே ஒப்பந்தத்தில் ஐந்து விதமாக ரூபா: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இனிமேல் எங்கள் கடையில் தட்டச்சாகும் எந்த ஒப்பந்தத்திலும் பணத் தொகைகள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே விதமாகவே எழுதப்படும். நீங்கள் கொண்டுவரும் பிரதியில் 'Rs.' என்றோ 'ரூ.' என்றோ எப்படி இருந்தாலும் அதை மாற்றித்தான் தருவோம். "நான் தந்த மாதிரியே அடித்தால் போதாதா?" என்று பலர் கேட்கிறீர்கள். கூட்டமான நேரத்தில் நின்று விளக்க முடிவதில்லை. அதனால் எழுதியே தருகிறோம்.

நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஒன்றின் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். நாங்களே அமைத்த மாதிரிதான் இது. ஆனாலும் இதிலுள்ள ஒவ்வொரு வரியும் மேசைக்கு வரும் பிரதிகளில் அன்றாடம் காண்பது.

2ஆம் பிரிவு: மாத வாடகை Rs.180000/=
3ஆம் பிரிவு: முற்பணம் 2.7 லட்சம் ரூபா
5ஆம் பிரிவு: தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ₹500
6ஆம் பிரிவு: மேலதிக ஓட்டத்துக்கு 150/- கி.மீ.
இணைப்பு: முற்பணம் LKR 270,000

எழுதியவர் கவனக்குறைவானவர் என்று சொல்ல மாட்டோம். இந்த மாதிரி ஒப்பந்தம் ஒருவர் ஒரே இருப்பில் எழுதுவதல்ல, பல இடத்திலிருந்து துண்டு துண்டாகச் சேர்வது. வாடகைப் பிரிவு பழைய ஆங்கிலப் படிவத்திலிருந்து வரும். அதில் 'Rs.' முன்னால், '/=' பின்னால். முற்பணம் வாய்ப்பேச்சில் முடிவானது, வாயால் சொன்னபடியே லட்சத்தில் எழுதப்பட்டிருக்கும். தாமதக் கட்டணம் வாட்ஸ்அப் செய்தியில் வந்தது. இணைப்பு வங்கித் தாளைப் பார்த்து எழுதியது. சில பிரதிகளில் சிங்களப் படிவத்திலிருந்து வந்த 'ரு.' கூட மாறாமல் கிடக்கும். தமிழில் பேசும்போது 'ஐந்நூறு ரூபா' என்று எண்ணுக்குப் பின்னால் ரூபா வரும், ஆங்கிலப் படிவத்தில் முன்னால் வரும். இரண்டுமே நமக்குப் பழக்கமானதால் கண்ணில் உறுத்துவதில்லை.

இதில் ஆபத்தானது ₹ குறிதான். இந்தியா 2010இல் தன் ரூபாய்க்காக ஏற்றுக்கொண்ட குறி அது. இலங்கை ரூபாவுக்கு அது உரியதல்ல. கைபேசியில் தமிழ் விசைப்பலகையைப் போட்டால் பெரும்பாலும் இந்தியத் தமிழ்ப் பலகைதான் வருகிறது. அதில் பணக் குறி என்று தொட்டால் ₹ விழுகிறது. பத்து நாள் தாமதமானால் இலங்கைக் கணக்கில் 5,000 ரூபா. ₹ என்று எழுதியிருப்பதைப் பிடித்துக்கொண்டு இந்திய ரூபாய் என்று வாதாடினால் இப்போதைய மாற்று விலையில் அது மூன்று மடங்குக்கும் மேல் போகும். 'எங்கள் ஊர் லொறிக்கு யார் இந்தியப் பணம் கேட்பார்கள்' என்று தோன்றலாம். மற்றப் பிரிவுகளில் Rs., LKR என்று எழுதிவிட்டு இங்கே மட்டும் வேறு குறி போட்டதற்குக் காரணம் என்ன என்பதே எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். ஒரே ஆவணத்தில் ஒரு விடயத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் இரண்டும் வேறு வேறு என்று சொல்ல இடம் உண்டாகிறது. உறவினர் பாதிப்பேர் இந்தியாவில் இருக்கும், அங்கிருந்தும் இங்கிருந்தும் பணம் போய்வரும் நமது பகுதியில் அந்த வாதம் அவ்வளவு விசித்திரமாகவும் இராது.

குறி எது என்று கண்ணால் பிரிக்க முடியாவிட்டால் வேர்ட் கோப்பில் அதற்குச் சரியாகப் பின்னால் கர்சரை வைத்து Alt+X அழுத்துங்கள். 20B9 என்று மாறினால் இந்தியக் குறி. 20A8 என்றால் எந்த நாட்டையும் சுட்டாத பொதுவான ₨. 0BF9 என்றால் தமிழின் பழைய ரூபாய்க் குறியான ௹. மறுபடி Alt+X அழுத்தினால் குறி திரும்பி வந்துவிடும்.

அடுத்தது, ரூபா முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பது. இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. எண்ணுக்கு இரண்டு ஓரம் உண்டு, இரண்டையும் அடைக்க வேண்டும். '500 ரூபா' என்று எழுதினால் முன் ஓரம் திறந்து கிடக்கிறது. ஒரு '1' போட்டால் 1500. 'Rs.500' என்று மட்டும் நிறுத்தினால் பின் ஓரம் திறந்திருக்கிறது. ஒரு சைபர் போட்டால் 5000. அந்தப் பின் ஓரத்தை அடைக்கத்தான் நம் ஆட்கள் '/=' போடுகிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் கையெழுத்தில் அந்தச் சாய்கோடு நிமிர்ந்தால் '1' போலத் தெரியும், 500/= என்பது 5001= ஆகிவிடும். 6ஆம் பிரிவின் '150/- கி.மீ.' இன்னொரு சிக்கல். சாய்கோட்டை 'ஒன்றுக்கு' என்ற பொருளிலும் போடுவதால், அது தொகையை மூடுகிறதா, கிலோமீற்றர் ஒன்றுக்கு என்கிறதா என்று தெளிவில்லை.

'/=' வேண்டாம் என்பதற்குப் பழைய கோப்புகளும் ஒரு காரணம். பாமினி எழுத்துருவில் அடித்த ஒப்பந்தத்தை யுனிகோடுக்கு மாற்றும்போது சாய்கோடு 'ஃ' ஆகிவிடும், காற்புள்ளி 'இ' ஆகிவிடும், '=' குறி 'ஸ்ரீ' ஆகிவிடும். பாமினியில் அந்த விசைகளுக்கு அந்த எழுத்துகள்தான். எண்ணை ஆங்கில எழுத்துருவில் அடித்து, மாற்றும்போது முழுக் கோப்பையும் ஒன்றாகப் போட்டால் 180,000/= என்பது இப்படி வந்து நிற்கும்:

```
180இ000ஃஸ்ரீ
```

எழுத்துப் பிழை பார்ப்பவர் சொற்களைத்தான் பார்ப்பார், எண்களைத் தாண்டிப் போய்விடுவார். எனவே பழைய கோப்பிலிருந்து எடுத்த ஒப்பந்தம் என்றால் எண்களின் நடுவில் 'இ', 'ஃ' இருக்கிறதா என்று தனியாகத் தேடுங்கள்.

'2.7 லட்சம்' என்பதைப் பேச்சில் விட்டுவிடலாம், ஒப்பந்தத்தில் வேண்டாம். அந்த ஒரு புள்ளிதான் 2.7 லட்சத்தையும் 27 லட்சத்தையும் பிரிக்கிறது. போட்டோ கொப்பியிலிருந்து மறு கொப்பி எடுக்கும்போது முதலில் மறைவது இந்தப் புள்ளிதான். 270,000.00 என்று எழுதினால் அங்கும் புள்ளி மறையலாம். அப்போதும் காற்புள்ளி எங்கே நிற்கிறது என்பது காப்பாற்றும். இலங்கை வழக்கில் வலமிருந்து மும்மூன்றாகப் பிரிப்பதால், இருபத்தேழு மில்லியன் என்றால் 27,000,000 என்றுதான் நின்றிருக்க வேண்டும். கணினி இந்திய அமைப்பில் இருந்தால் 2,70,000 என்று விழும். அதையும் திருத்துவோம்.

ஆகவே நாங்கள் எழுதும் முறை இது. எண்ணுக்கு முன் 'ரூபா', ஓர் இடைவெளி, மும்மூன்றாகப் பிரித்த எண், இறுதியில் சதத்துக்கு '.00'. அடுத்து அடைப்புக்குள் எழுத்தால், அங்கும் 'ரூபா' முன்னால், முடிவில் 'மாத்திரம்'. 3ஆம் பிரிவு இப்படி மாறும்:

முற்பணம்: ரூபா 270,000.00 (ரூபா இரண்டு இலட்சத்து எழுபதாயிரம் மாத்திரம்)

எழுத்தில் 'இரண்டு இலட்சத்து எழுபதாயிரம் ரூபா' என்பதுதானே இயல்பான தமிழ் என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், காதுக்கு அதுவே நன்றாக இருக்கும். ஆனால் 'ஐந்நூறு ரூபா' என்று வெறுமனே நின்றால் அதற்கு முன்னால் 'ஆயிரத்து' என்று ஒரு சொல்லைச் செருக இடமிருக்கிறது. காவலுக்காக இயல்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் காசோலையில் எழுத்தில் உள்ள தொகையே செல்லும். ஒப்பந்தத்திலும் பொதுவாக எழுத்துக்குத்தான் கூடுதல் மதிப்பு. அதனால் எழுத்துப் பகுதியை எண்ணைவிடக் கவனமாகச் சரிபாருங்கள்.

தமிழுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. 'Rs.180000/=ஐ', '₹500இற்கு' என்று வேற்றுமை உருபு எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. அதைத் தவிர்க்கத்தான் 'தொகை' என்ற சொல்லைச் சேர்க்கிறோம்: "ரூபா 180,000.00 தொகையை ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்கு முன் செலுத்த வேண்டும்." இரண்டாவது தடவை வரும்போது எண்ணையே போடாமல் 'மேற்படி மாத வாடகை' என்று எழுதுவோம். ஒரு தொகை ஓரிடத்தில் மட்டும் இருந்தால் பிறகு மாற்றும்போது ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிடும் பிழை வராது.

முதல் பிரிவிலேயே ஒரு வரி சேர்ப்போம்: "இந்த ஒப்பந்தத்தில் ரூபா என்பது இலங்கை ரூபாவையே குறிக்கும்." அதன்பின் LKR என்று எங்கும் எழுதத் தேவையில்லை.

நீங்களே கோப்பைத் திருத்துவதானால் வேர்டில் Ctrl+F கொடுத்து இவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்: Rs, ரூ, ₹, ₨, LKR, /=, /-, லட்சம். 'ரூ' என்பதை 'ரூபா' என்று ஒரேயடியாக மாற்றாதீர்கள். ஏற்கெனவே சரியாக இருந்த 'ரூபா' எல்லாம் 'ரூபாபா' ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். 'ரூபா' ஒரு வரியின் கடைசியிலும் எண் அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் விழாமலிருக்க, இடையில் சாதாரண இடைவெளிக்குப் பதில் Ctrl+Shift+Space கொடுங்கள். பணம் வரும் பத்திகளை இரு ஓரமும் சமமாக இழுக்காமல் இடப்பக்க ஒழுங்கில் விடுங்கள். இழுத்தால் இடைவெளி அகலமாகி, ஓர் இலக்கம் நுழைய வழி விடும்.

ஏற்கெனவே கையொப்பமிட்ட ஒப்பந்தங்களை எடுத்துவந்து "இந்த ₹ குறியை மட்டும் வெட்டிவிடுங்கள்" என்று கேட்டால் செய்ய மாட்டோம், மன்னிக்கவும். ஒருவரிடமுள்ள பிரதியில் மட்டும் வெட்டினால் இரண்டு பிரதிகளும் ஒத்துப்போகாது, திருத்தியவர் மேல்தான் சந்தேகம் வரும். இரு தரப்பும் வந்தால், எந்தப் பிரிவில் எந்தத் தொகை எப்படி வாசிக்கப்பட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் இணைப்பு ஒப்பந்தம் அடித்துத் தருகிறோம். இருவரும் சாட்சிகளும் அதில் கையொப்பமிட்டு இரண்டு பிரதிகளோடும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். வழக்கு ஏற்கெனவே தொடங்கியிருந்தால் சட்டத்தரணியைக் கேட்காமல் அதையும் செய்ய வேண்டாம்.

புதிய ஒப்பந்தத்துக்கு வரும்போது பிரதியோடு ஒரு சிறு துண்டில் தொகைகளை மட்டும், எந்தத் தொகை எதற்கு என்று எழுதி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு கொண்டுவாருங்கள். பிரதியில் ஓரிடத்தில் 2.7 லட்சமும் வேறிடத்தில் 275,000உம் இருந்தால் எது சரி என்று நாங்கள் ஊகிக்க மாட்டோம், அந்த இடத்தை வெறுமையாக விட்டு உங்களைக் கேட்போம். முதல் அச்சுப் பிரதியில் தொகைகளுக்கெல்லாம் பென்சிலால் கோடிட்டுத் தருவோம். அவற்றை இரு தரப்பும் வாய்விட்டு வாசித்துச் சரி என்ற பிறகே இறுதிப் பிரதி அச்சாகும்.

இப்படிக்கு,
உங்கள் தட்டச்சு, மொழிபெயர்ப்புக் கடையினர்
ஹட்டன்