இரண்டாவது டெங்கு: திருகோணமலைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்கத்தினருக்கு,

நான் ஓய்வுபெற்ற தாதி. 2017இல் கிண்ணியா, மூதூர் பக்கமெல்லாம் டெங்கு பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அப்போது தரம் ஒன்றில் இருந்த பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த மடல். "அவனுக்கு அப்பவே வந்திட்டுது, இனி வராது" என்று பல தாய்மார் இன்றும் என்னிடம் சொல்கிறார்கள்.

டெங்கு வைரசில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அதே வகை திரும்ப வருவது மிக அரிது. மற்ற மூன்றுக்கும் கிடைக்கும் பாதுகாப்போ சில மாதங்களுக்குத்தான், கூடினால் ஓரிரு ஆண்டு. அதற்குப் பிறகு, வைரசை எதிர்க்க முதல் காய்ச்சலில் உடம்பு உருவாக்கிய பிறபொருளெதிரிகளே சிக்கலாகிவிடுகின்றன. அவை புது வகை வைரசில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யாது. இப்படி ஒட்டியவற்றை விழுங்குவது சில வெண்குருதிக் கலங்களின் வேலை. வழக்கமாக விழுங்கியதை அழித்துவிடும் அந்தக் கலத்துக்குள்தான் டெங்கு வைரசு பெருகும். காவலாளியே கதவைத் திறந்து கள்வனை உள்ளே விட்டது போல. உடம்பில் வைரசு பெருகப் பெருக, அதை எதிர்த்து உடம்பு காட்டும் எதிர்ப்பும் மூர்க்கமாகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறுகிறது.

கியூபாவில் 1977இல் முதலாம் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். 1997இல் சந்தியாகோ நகரில் மறுபடி இரண்டாம் வகை வந்தபோது கடுமையாக நோயுற்றவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள்தான். இருபது ஆண்டுக்கு முன் முதலாம் வகை கண்டவர்கள் அவர்கள். முதல் தொற்று எவ்வளவு பழையது என்பது ஆறுதலுக்குரிய விஷயமே இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன். 2017இல் அவனுக்கு மூன்று நாள் காய்ச்சல், டெங்கு என்றார்கள், சுகமாகிவிட்டான். பல வருடம் கழித்து மறுபடி காய்ச்சல். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையில் சிறுதட்டு 140,000, இரத்தத்தில் செங்கலங்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று காட்டும் பி.சி.வி. 38. ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. தாய்க்கு நிம்மதி, பையனை டியூசனுக்கு அனுப்பிவிட்டாள். பின்னேரம் வயிற்று வலி, இரண்டு தரம் வாந்தி. நான் கையைப் பிடித்தபோது ஐஸ் போல இருந்தது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்றான். வைத்தியசாலையில் சிறுதட்டு 41,000, பி.சி.வி. 47.

சிறுதட்டு இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். என்னைப் பயமுறுத்தியது 47தான். பி.சி.வி. ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே இரத்தத்திலிருந்து நீர் கசிகிறது என்று கொள்ள வேண்டும். இவனுக்கு அதையும் தாண்டிவிட்டது. அந்தக் கசிவு ஒன்று இரண்டு நாள்தான் நீடிக்கும். அந்த நேரத்தில் சேலைனை அளந்து கொடுக்க வேண்டும், குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் நுரையீரலில் நீர் சேரும். பையன் தப்பினான். காய்ச்சல் விட்ட அந்த நாள்தான் ஆபத்தான நாள் என்று தாய்க்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாம் முறை வந்தால் எல்லோருக்கும் இப்படி ஆகாது, பெரும்பாலானோர் சுகமாகிவிடுவார்கள். ஆனால் யாருக்கு ஆகும் என்று முதல் நாளில் சொல்ல முடியாது. டெங்குவா என்று பார்க்கச் செய்யும் என்.எஸ்.1 இரத்தப் பரிசோதனை எந்த வகை என்று காட்டாது. இரண்டாம் தொற்றில் அது 'இல்லை' என்று வருவதும் கூடுதல், அந்தத் தாளை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம்.

சரி, உங்களிடம் இரண்டு கேட்கிறேன்.

ஒவ்வொரு பிள்ளையின் சுகாதார அட்டையிலும் "டெங்கு வந்தது, ஆண்டு" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். காய்ச்சலோடு போகும்போது தாய் அதை வைத்தியரிடம் காட்டட்டும். பரசிட்டமோல் தவிர புரூபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் எதுவும் கொடுக்கவேண்டாம், அவை இரத்தப்போக்கைக் கூட்டும்.

மற்றது, மலசலகூடத்துச் சீமெந்துத் தொட்டி. மழை காலத்தில் டிசம்பர் விடுமுறை வருகிறது, தொட்டியில் தண்ணீர் அப்படியே நிற்கும். ஏடிஸ் நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவிடும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் ஏறியதும் பொரித்து, ஏறக்குறைய பத்து நாளில் பறக்கும். அது கடிப்பதும் பகலில், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, சுவரைத் தும்புத்தடியால் நன்றாகத் தேய்க்க வேண்டும். விடுமுறைக்கு முன் ஒரு தரம், பாடசாலை திறப்பதற்கு இரண்டு நாள் முன் ஒரு தரம். உங்கள் பாடசாலைக்குத் தேய்க்க ஆள் போதாதென்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு தாதி, திருகோணமலை