புலியும் புளியும்: சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும், பாடத்திட்டம் எழுதும் குழுவினருக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்திதான். பல ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலையில் சொல்வதெழுதுதல் கொடுத்து, 'பல்லிக்கூடம்' என்று எழுதிய கொப்பிகளில் சிவப்பு மையால் வட்டம் போட்டவள். அந்த வட்டங்களில் பாதிக்கு மேல் போட்டிருக்கவே கூடாது என்று இப்போது நம்புகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாமல் இல்லை. நான் சொன்ன 'பள்ளி' அவர்கள் காதில் 'பல்லி'யாகத்தான் போய் விழுந்தது.

இது எனக்குத் தெரிய வந்தது என் பெறாமகனால். பத்து வயது. தமிழ் நன்றாக விளங்கும், பேசவும் வரும், ஆனால் ல, ள இரண்டும் ஒன்றாகவே வரும். ஒரு நாள் மேசையில் இரண்டு படங்களை வைத்தேன். ஒன்று புலி, மற்றது புளியம்பழம். ஒரு தாளால் என் வாயை மறைத்துக்கொண்டு இரண்டு சொற்களையும் சொல்லிக் காட்டினேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "பெரியம்மா, நீங்கள் ரெண்டு தரமும் ஒண்டைத்தானே சொன்னனீங்கள்?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே ஒன்றாகத்தான் கேட்டது.

அதில் வியப்பில்லை. வன்கூவரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கதையைத்தான் சொல்கிறது. ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாத வயதில் ஹிந்தியின் த, ட வேறுபாட்டைப் பிரித்துக் கேட்கிறார்கள். ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விடுகிறது. காது கெட்டுப்போவதால் அல்ல; சுற்றியுள்ள மொழியில் தேவைப்படாத வேறுபாட்டை மூளை கவனிக்காமல் விட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் எல்லும் கடைசியில் வரும் எல்லும் ஒலியில் ஒன்றல்ல. கனடாப் பிள்ளை அந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுப் பழகிவிட்டது. நம்முடைய ள வந்தால் அதுவும் அதே பெட்டிக்குள்தான் போகும்.

இந்த நிலையில் இருக்கும் பிள்ளையிடம் "நாக்கை மேலே வளை, வளைத்துச் சொல்லு" என்று நாம் நிற்கிறோம். வளைத்தது சரியா என்று அதற்கு எப்படித் தெரியும்? அதன் காதுக்கு இரண்டும் ஒன்று. நம் முகத்தைப் பார்த்து, நாம் தலையசைத்தால் சரி என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த சனிக்கிழமை எல்லாம் மறந்திருக்கும். அதனால்தான் முதலில் காது, அப்புறம் வாய் என்று கேட்கிறேன்.

பாடத்திட்டக் குழுவிடம் முதல் வேண்டுகோள்: சிவப்பு வட்டம் போடுவதற்கு முன்னால் ஒரு சின்னப் பரிசோதனை. படம் வரையக்கூடிய இணைகளாக எடுங்கள்: புலி/புளி, பல்லி/பள்ளி, மூலை/மூளை, காலை/காளை, தோல்/தோள், வால்/வாள். சில சொற்களை இரண்டு தரம் எழுதி, ல சொற்கள் பத்து, ள சொற்கள் பத்து வருமாறு இருபது துண்டுகளைக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுங்கள். வாயைத் தாளால் மறையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை தாடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும். சொல்லை மட்டும் ஒரு தரம், வழக்கமாகப் பேசும் வேகத்தில் சொல்லுங்கள். 'பள்ள்ளி' என்று அழுத்தி இழுக்க நமக்கு வாய் துடிக்கும். இழுத்தால் பிள்ளை இழுவையைத்தான் படிக்கும், ஒலியை அல்ல. பிள்ளை வாயே திறக்க வேண்டாம், படத்தைத் தொட்டால் போதும்.

இரண்டே தெரிவு என்பதால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே இருபதில் பத்து சரியாகும். பதினொன்று, பன்னிரண்டு என்பதெல்லாம் வெறும் ஊகம்தான். ஊகத்தால் பதினைந்தோ அதற்கு மேலோ வருவது நூறு தரத்தில் இரண்டு தரம்தான் நடக்கும். அதனால் பதினைந்தை எட்டினால் ஏதோ கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்றையும் குறித்து வைக்க வேண்டும். என் பெறாமகனுக்கு முதல் நாள் வந்தது பதினொன்று. பிரித்துப் பார்த்தால் ல சொற்களில் ஒன்பது சரி, ள சொற்களில் இரண்டே சரி. அதாவது இருபதில் பதினேழு தரம் அவன் ல படத்தையே தொட்டிருக்கிறான். ல சொற்களின் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் "லவாவது தெரிகிறதே" என்று ஏமாந்திருப்பேன்.

இதே பரிசோதனையில் பத்தொன்பது எடுத்துவிட்டு, கொப்பியில் மட்டும் 'பல்லிக்கூடம்' என்று எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காது சரி, எழுத்துப் பயிற்சிதான் வேண்டும். இந்த இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் இதுவரை ஒரே மருந்தைக் கொடுத்து வந்திருக்கிறோம்.

இனிப் பயிற்சி. நான் செய்தது இதுதான்: ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், வாரத்தில் நாலைந்து நாள். ஒரு சொல் கேட்கும், படத்தைத் தொடுவான். சரியென்றால் அடுத்த சொல். பிழையென்றால் உடனே நிறுத்தி, நான் சொன்ன சொல்லையும் அவன் தொட்ட படத்துக்குரிய சொல்லையும் அடுத்தடுத்துச் சொல்லிக் காட்டிவிட்டுப் போவேன். விளக்கம் இல்லை, திருப்பிச் சொல்லச் சொல்வதும் இல்லை. திருப்பிச் சொன்னால் அவனுடைய ஒன்றாய்ப்போன லதான் அவன் காதில் கடைசியாக ஒலிக்கும். நான் சொன்னதை அது மூடிவிடும்.

நெடில் வரும் இணைகளில் தொடங்கினேன்: மூலை/மூளை, காலை/காளை. ளவுக்கு நாக்கு வளையத் தொடங்குவது அந்த எழுத்து வந்த பிறகு அல்ல, அதற்கு முந்தைய உயிரிலேயே. 'மூளை'யின் ஊ முடியும்போதே ஒலி கொஞ்சம் கறுத்துவிடும். 'மூலை'யில் அந்தக் கறுப்பு இல்லை. நெடிலில் அதைப் பிடிக்க நேரம் கிடைக்கிறது. 'புளி' போன்ற குறில் சொற்கள் அவனுக்குக் கடைசியாகத்தான் பிடிபட்டன. நான் ளவையே காட்டிக் காட்டி அலுத்தபோது, "முன்னுக்கு இருக்கிற சத்தத்தைக் கேள்" என்று சொன்ன ஒரு வார்த்தைதான் அவனுக்குக் கதவைத் திறந்தது.

மூன்றாவது வாரம் இருபதில் பதினெட்டு. மகிழ்ச்சியில் அம்மம்மாவைக் கூப்பிட்டு அதே சொற்களைச் சொல்ல வைத்தேன். பன்னிரண்டு! அவன் கற்றுக்கொண்டது ளவை அல்ல, பெரியம்மாவின் குரலில் வரும் ஏதோ ஓர் அடையாளத்தை.

இந்தக் குழியை ஆராய்ச்சியாளர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ஆர், எல் இரண்டும் ஒன்றாகக் கேட்பது பெயர்பெற்ற சிக்கல். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் டேவிட் பிசோனி குழுவினர் 1991இல், பல பேரின் குரலில் இணைச் சொற்களைக் கேட்கவைத்து மூன்று வாரம் பயிற்சி கொடுத்து முன்னேற்றம் கண்டார்கள். 1993இல் ஒரே ஒருவர் குரலில் பயிற்சி கொடுத்தபோது, அந்தக் குரலில் முன்னேறியவர்கள் புதிய குரல் வந்ததும் சறுக்கினார்கள். 1997இல் ஆன் பிராட்லோவும் குழுவினரும் காட்டியது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. ஜப்பானியர்களுக்குக் கேட்கும் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். முடிவில் காதோடு உச்சரிப்பும் திருந்தியிருந்தது. வாய்க்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

அதனால் நான் அம்மம்மா, என் கணவர், தங்கை, பக்கத்து வீட்டு மாமா, பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை என்று ஐந்து பேரின் குரலைக் கைபேசியில் பதிந்துகொண்டேன். ஆணும் பெண்ணும், கிழவரும் இளையவருமாக. எட்டாவது வாரம், அதுவரை கேட்காத ஒரு குரலில், பயிற்சியில் வராத இணைகளோடு சோதித்தேன். பதினேழு. அதற்குச் சில நாள் கழித்துக் காரில் வரும்போது 'பல்லிக்கூடம்' என்று தொடங்கியவன், தானே நிறுத்தி, 'பள்ளிக்கூடம்' என்று திருத்திக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கைப் பற்றிய பாடத்தை அதற்குப் பிறகுதான் தொடங்கினேன், அதற்கு இரண்டு சனிக்கிழமை போதுமாக இருந்தது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தனிச் சொல்லில் பிடிப்பவன் வேகமான பேச்சில் இன்னும் கோட்டை விடுகிறான். அதற்கு ஆண்டுக்கணக்காகும்.

கடைசியாக ஒன்று. சொல்லக் கஷ்டமான விஷயம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நம் வகுப்புகளில் உச்சரிப்பு என்றாலே 'வாழைப்பழம் வழுக்கி' என்று ழவைப் பிடித்துக்கொள்கிறோம். கனடா ஆங்கிலத்தின் ஆர் ஒலி நம் ழவுக்கு நெருங்கிய சொந்தம், அதனால் இங்கே வளரும் பிள்ளைக்கு ழ நாம் பயப்படும் அளவுக்குக் கடினம் இல்லை. கடினமாக இருப்பது நமக்குத்தான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என்னைப் போன்றவர்கள் பேச்சில் ழவை ளவாகவே சொல்கிறோம். தமிழகத்திலும் பல ஊர்களில் அப்படித்தான். அது குறையல்ல, நம் ஊர்ப் பேச்சு. ஆனால் 'கிளி', 'கிழி' இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லிவிட்டு, பிள்ளை பிரித்துக் கேட்கவில்லை என்று கோபிக்க நமக்கு உரிமை இல்லை. ள/ழ இணைகளுக்கு, அவற்றைப் பிரித்துச் சொல்பவர்களின் குரலைப் பதிந்து கொடுங்கள். பதியும் முன்னால், அவர்கள் சொல்வதை இன்னொருவர் வாய் பார்க்காமல் பிரித்துக் கேட்கிறாரா என்று அதே போல ள/ழ சொற்கள் எழுதிய இருபது துண்டுகளால் சோதியுங்கள். ர/ற இணைகள் இன்னும் ஒரு படி மேல்: 'மரம்', 'மறம்' இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் ஒன்றாகவே சொல்கிறோம். அங்கே காதுப் பயிற்சி கொடுப்பது இல்லாத ஒன்றைத் தேடச் சொல்வது. அதை எழுத்துப் பாடமாகவே சொல்லிக்கொடுங்கள்.

குழுவிடம் நான் கேட்பது பெரிய செலவு அல்ல. ஆறு இணைகளுக்குப் படங்கள், ஐந்து குரல்களில் ஒலிப்பதிவு, ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு யாரும் திருப்பிச் சொல்ல வேண்டாம். பரிசோதனையில் பதினைந்தை எட்டாத பிள்ளைக்கு ல/ள பிழைக்காகச் சொல்வதெழுதுதலில் புள்ளி வெட்டாதீர்கள். என் பெறாமகனுக்காகச் செய்த குரல்பதிவுகளும் படங்களும் என்னிடம் இருக்கின்றன. வேண்டிய ஆசிரியர்கள் கேட்டால் அடுத்த சனிக்கிழமையே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்களோடு பக்கத்து வகுப்பில் நிற்கும் ஒரு ரீச்சர்