உதவித்தொகை தருபவர் முதலில் பணம் கேட்பதேன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்வி உதவித்தொகைகளைத் தேடித் தரும் கைப்பேசிச் செயலிகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். செயலியில் எப்படிப் பதிவு செய்வது, படிப்பு, மதிப்பெண், குடும்ப வருமானம் ஆகியவற்றைக் கொண்டு தகுதியானவற்றை எப்படிப் பிரித்தெடுப்பது என்றெல்லாம் கட்டுரை தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆனால் பதிவு செய்த பிறகு அந்த மாணவரின் கைப்பேசிக்கு என்னென்ன அழைப்புகள் வரும், அவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மாணவர்களின் விண்ணப்பங்களை நிரப்ப உதவி வரும் ஆசிரியை என்ற முறையில், அந்தக் குறையை இக்கடிதத்தின் வழியே ஓரளவு நிரப்ப விரும்புகிறேன்.

முதலில், இத்தகைய செயலி எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பது வாசகர்களுக்குப் புரிய வேண்டும். அரசே நடத்தும் தளங்கள் ஒரு வகை. இந்தியாவின் தேசிய உதவித்தொகைத் தளமான scholarships.gov.in, அமெரிக்காவில் கூட்டரசின் மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் studentaid.gov போன்றவை இதில் அடங்கும். இவற்றில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. உதவித்தொகை வழங்கும் அமைப்பு தானே நடத்தும் தளம் இரண்டாவது வகை; பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை இப்படித்தான் தன் தளத்திலேயே விண்ணப்பங்களைப் பெறுகிறது. மூன்றாவது வகைதான் தொகுப்புச் செயலி. பல இடங்களில் வெளியாகும் அறிவிப்புகளைத் திரட்டி ஓரிடத்தில் காட்டுவது அதன் வேலை. அறிவிப்புக்குப் பின்னால் இருக்கும் பணம் அதனுடையது அன்று; பெரும்பாலும் யாரைத் தெரிவு செய்வது என்ற முடிவும் அதன் கையில் இல்லை. ஆகவே செயலியில் ஓர் அறிவிப்பைக் கண்டால், அதை வழங்குபவரின் சொந்தத் தளத்துக்குச் சென்று, அங்கேயும் அதே அறிவிப்பு, அதே கடைசித் தேதி, அதே தகுதி விதிகள் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஆண்டின் அறிவிப்பு நீக்கப்படாமல் செயலியில் தொடர்ந்து கிடப்பதும் சாதாரணமாக நடப்பதுதான்.

இலவசமாகக் கிடைக்கும் தொகுப்புச் செயலிகளில் சில விளம்பரத்தால் வருமானம் பெறுகின்றன. சில, மாணவர் சேர்க்கைக்காகக் காத்திருக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் கடன் வழங்கும் நிறுவனங்களுக்கும் பதிவு செய்தோரின் விவரங்களைத் தந்து வருமானம் பெறுகின்றன. தனியுரிமைக் கொள்கையில் இதைச் சொல்லிவிட்டுச் செய்யும் வரை இதை மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் பெயர், படிப்பு, மதிப்பெண், கைப்பேசி எண் ஆகிய நான்கும் ஒன்றாகப் பல கைகளுக்குப் போய்விட்டால், அவற்றில் ஏதோ ஒரு கையிலிருந்து மோசடிக்காரருக்குக் கசிந்துவிடும் வாய்ப்பும் கூடுகிறது. அழைப்பவர் நம் விவரங்களைச் சரியாகச் சொல்கிறார் என்பதாலேயே அவர் உண்மையானவர் ஆகிவிட மாட்டார் என்பதை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

என் மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவள் இத்தகைய செயலிகள் சிலவற்றில் பதிவு செய்திருந்தாள். சிறிது காலம் கழித்து ஓர் அழைப்பு வந்தது. அவளுடைய பெயரையும் படிப்பையும் மதிப்பெண்ணையும் சரியாகச் சொன்ன ஒருவர், அவள் ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைக்குத் தெரிவு செய்யப்பட்டிருப்பதாகவும், உறுதிக் கடிதம் வாட்ஸ்அப்பில் வரும் என்றும் கூறினார். கடிதமும் வந்தது, முத்திரை, கையொப்பம், வரிசை எண் எல்லாம் இருந்தன. அன்று மாலைக்குள் செயலாக்கக் கட்டணம் செலுத்தினால்தான் இடம் உறுதியாகும் என்றும், அந்தக் கட்டணம் உதவித்தொகையோடு சேர்த்துத் திருப்பித் தரப்படும் என்றும் கடிதத்தின் அடியில் எழுதியிருந்தது. அவளுடைய தந்தை பணத்தை அனுப்பத் தயாராக இருந்த நிலையில்தான் அவள் என்னிடம் வந்தாள்.

நாங்கள் முதலில் தேடியது விண்ணப்பம் பெறப்பட்டதற்கான ஒப்புகையை. முறையாக விண்ணப்பித்திருந்தால் பொதுவாக மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ ஒரு விண்ணப்ப எண் வந்திருக்கும். அவளிடம் அப்படி எதுவும் இல்லை. அந்த உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. அடுத்ததாக, கடிதத்தில் இருந்த இணைப்பைத் தொடாமல், அந்த அறக்கட்டளையின் பெயரைத் தனியாகத் தேடி அதன் தளத்துக்குச் சென்றோம். அந்தப் பெயரில் ஓர் அமைப்பு உண்மையிலேயே இருந்தது. ஆனால் கடிதத்தில் இருந்த பெயரில் கூடுதலாக ஒரு சொல் ஒட்டப்பட்டிருந்தது. உண்மையான அமைப்பின் உதவித்தொகைக்கு அந்த ஆண்டின் கடைசித் தேதி எப்போதோ முடிந்திருந்தது. நேர்காணல் இல்லாமல் அங்கு யாரும் தெரிவு செய்யப்படுவதும் இல்லை.

பிறகு கடிதத்தில் இருந்த இணைய முகவரியைப் பார்த்தோம். இதைப் படிக்கத் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டாக, `scholarships.gov.in.example.com/apply` என்று ஒரு முகவரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடமிருந்து படிக்கும் கண் முதலில் அரசுத் தளத்தின் பெயரைக் கண்டு நம்பிவிடும். ஆனால் முதல் சாய்கோட்டுக்கு உடனடி இடப்புறம் இருக்கும் பகுதியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். இங்கே அந்தப் பகுதி example.com; இந்த முகவரி அதை வைத்திருப்பவருக்கே சொந்தம். அதற்கு முன்னால் உள்ள சொற்களை அவர் தம் விருப்பப்படி சேர்த்துக்கொள்ள முடியும். முகவரிக்கு அருகில் தெரியும் பூட்டுக் குறியும், நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே காட்டுகிறது. தளத்தை நடத்துபவர் நாணயமானவர் என்பதற்கு அது சான்று ஆகாது.

கடைசியாக, அழைத்தவரிடம் மாணவியையே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். 'உங்கள் கட்டணத்தை உதவித்தொகையிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்' என்றாள். விதிமுறை அதை அனுமதிக்காது என்று உடனே பதில் வந்தது. எங்களால் அவ்வளவு கட்ட இயலாது என்று அவள் சொன்னதும், மேலதிகாரியிடம் பேசிவிட்டதாகக் கூறிக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார். உதவித்தொகை வழங்கும் எந்த நேர்மையான அமைப்பும் இப்படிப் பேரம் பேசாது. பணம் அனுப்ப அவர் கொடுத்த கணக்கும் ஒரு தனிநபரின் பெயரில்தான் இருந்தது.

இந்த ஏமாற்று வேலை புதிதன்று. அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 1996-ஆம் ஆண்டிலேயே உதவித்தொகை மோசடிகளுக்கு எதிராகத் தனி நடவடிக்கையைத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டில் இதற்கெனவே ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. விண்ணப்பிக்காத போட்டியில் நீங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டீர்கள் என்பது, உதவித்தொகை கிடைக்காவிட்டால் பணம் வாபஸ் என்பது, உங்களுக்காக இடத்தைப் பிடித்துவைக்க வங்கிக் கணக்கு எண் வேண்டும் என்பது ஆகியவை அந்த ஆணையம் எச்சரித்த பேச்சுகளில் சில. அன்று தபாலிலும் தொலைபேசியிலும் வந்த அதே பேச்சு இன்று செயலிக்குள்ளும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. முதல் கட்டணத்தைக் கட்டியவரிடம் அடுத்ததாக 'வரி', அதற்கடுத்து 'கணக்கைச் செயல்படுத்தும் கட்டணம்' என்று தொடர்ந்து கேட்பார்கள். ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடுமே என்ற தவிப்பே குடும்பங்களை மேலும் கட்ட வைக்கிறது.

அதே சமயம், கட்டணம் என்ற சொல்லைக் கேட்டதுமே மாணவர்கள் அஞ்சி ஒதுங்குவதையும் நான் விரும்பவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும் மொழித்தேர்வுக்கும் விசாவுக்கும் உண்மையிலேயே கட்டணம் உண்டு. அமெரிக்காவில் சில கல்லூரிகள் தங்கள் நிதியுதவிக்காகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற விண்ணப்பத்துக்கும் கட்டணம் இருக்கிறது; தகுதியுள்ள குடும்பங்களுக்கு அதிலிருந்து விலக்கும் தரப்படுகிறது. இவை யாவும் முன்கூட்டியே தளத்தில் அறிவிக்கப்பட்டவை, விண்ணப்பிக்கும்போதே மாணவர் தாமாகத் தளத்துக்குள் சென்று செலுத்துபவை. 'தெரிவு செய்யப்பட்டுவிட்டீர்கள்' என்று சொன்ன பிறகு, முன்பு எங்கும் குறிப்பிடப்படாத ஒரு தொகையைக் கேட்பதுதான் மோசடிக்கே உரிய முறை.

செயலியை நிறுவும்போதே கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. உதவித்தொகையைத் தேடித் தரும் செயலிக்கு நம் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி தேவையில்லை. அந்த அனுமதியைக் கொடுத்துவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி எண்ணையும் அது படித்துவிட முடியும். தொடர்பு எண்களைப் பார்க்கவும், திரையில் தெரிவதைப் படிக்கவும் அனுமதி கேட்கும் செயலியை அப்போதே நீக்கிவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் வரும், செயலியை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பை எக்காரணம் கொண்டும் நிறுவக் கூடாது. உதவித்தொகையை வரவு வைக்கக் கணக்கு எண்ணும் வங்கிக் கிளையின் விவரமும் போதும். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணோ ஓடிபியோ தேவைப்படாது.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்கள் வெட்கத்தால் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்தத் தாமதம்தான் பெரிய இழப்பைத் தருகிறது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படும் முன் வங்கிக்குச் சொன்னால் அதை நிறுத்திவைக்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே முதலில் வங்கியையும், உடனே சைபர் குற்றப் பிரிவையும் அணுக வேண்டும். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாமல், எண்கள், கடிதம், பணம் அனுப்பிய குறிப்பு எண் ஆகிய அனைத்தையும் படமெடுத்து வைக்க வேண்டும். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று பின்னர் வந்து அதற்கும் முன்பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்களும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்களாகவோ, அவர்களிடமிருந்து எண்களை வாங்கியவர்களாகவோ இருப்பார்கள்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் தங்கள் இதழ் உதவித்தொகைப் பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வோர் அறிவிப்புக்கும் கீழே அதை வழங்கும் அமைப்பின் சொந்தத் தள முகவரி, விண்ணப்பக் கட்டணம் உண்டா இல்லையா என்ற விவரம், தங்கள் அலுவலகம் அந்த அறிவிப்பைச் சரிபார்த்த தேதி ஆகிய மூன்றையும் அச்சிட வேண்டுகிறேன். விளம்பரமாக வரும் உதவித்தொகை அறிவிப்புகளுக்கும் இதே விதி பொருந்தினால், கிராமத்தில் இதழை மட்டும் நம்பி இருக்கும் பெற்றோர்கள் யாரை அழைத்துக் கேட்பது என்று தவிக்க நேராது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மேல்நிலைப் பள்ளி ஆசிரியை