பாலுண்ணியும் சவரக் கத்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், பிறப்புறுப்பைச் சுற்றி முத்து முத்தாகச் சிறு பருக்கள் வந்திருப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். ‘அது மருவாக இருக்கும், மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போடுங்கள்’ என்று இரண்டே வரியில் பதில் தந்திருந்தீர்கள். அவர் சொல்லியிருந்த அடையாளத்தை யாரும் ஊன்றிப் படித்ததாகத் தெரியவில்லை. வழவழப்பு, பளபளப்பு, நடுவில் சின்னக் குழி. இதற்குமேல் ஒரு நோயாளி என்ன எழுத வேண்டும்? அந்த இடத்தில் வரும் மரு சொரசொரப்பாக, பூக்கோசு போலப் பிரிந்து வளரும். அவருக்கு வந்திருப்பது பெரும்பாலும் பாலுண்ணி. மருத்துவர்கள் மொலஸ்கம் என்பார்கள்.

அரசு மருத்துவமனை ஒன்றின் பால்வினை நோய்ப் பிரிவில் ஆண் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் கடற்கரையில் இந்த நோய் எப்படிப் பரவுகிறது, எப்படிக் கெடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதற்கு ஒருவருடைய கதையே போதும். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன்.

பாம்பன் பக்கத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகும் இளைஞர் அவர். மணமானவர். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகள் கரையில் நின்ற நேரத்தில்தான் மருத்துவமனைக்கு வர அவருக்குத் தோதுப்பட்டது. முதலில் ஆணுறுப்பின் அடிப்பகுதியில் மூன்று நான்கு பருக்கள் வந்திருக்கின்றன. வலி இல்லை, எப்போதாவது அரிப்பு. மயிர்க்கால் கட்டி என்று நினைத்து, சுத்தமாக இருந்தால் போய்விடும் என்று சவரம் செய்துவிட்டார். சில வாரங்களில் அடிவயிறு வரை புதிய பருக்கள் வந்துவிட்டன. அவர் படுத்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த வரிசைதான். கத்தி போன தடத்திலேயே, கோடு இழுத்ததுபோல் பருக்கள் நின்றன.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பருவின் நடுக்குழிக்குள் வெள்ளையாக, மெழுகுப் பதத்தில் ஒரு பொருள் இருக்கும். வைரஸ் நிறைந்து குடியிருப்பது அதில்தான். கத்தி பருவின் தலையைச் சீவுகிறது. சீவிய கையோடு பக்கத்துத் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களையும் போட்டு, அதன்மேல் அந்த வெள்ளைப் பொருளைத் தேய்த்துவிடுகிறது. நகத்தால் சொறிவதும் கிள்ளிப் பிதுக்குவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. படகில் நான்கு பேருக்கு ஒரு துண்டு, ஒரு சவரக் கத்தி என்று புழங்கினால் இன்னொருவருக்கும் போகலாம்.

அடுத்து மருந்துக் கடை. படர்தாமரைக்கு என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்களே, ஸ்டீராய்டு கலந்த களிம்பு, அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். போட்ட இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், ஆளும் நம்பிவிடுவார். ஆனால் ஸ்டீராய்டு அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பைத் தூங்க வைக்கிறது. இந்த வைரஸுக்கு ஏற்கெனவே உடம்பின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கத் தெரியும். அதற்குக் காவலும் போட்டுக் கொடுத்தால் கேட்கவா வேண்டும்? பருக்கள் பெருகின. பிறகு யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்துப் பூசி, அந்த மெல்லிய தோலை வெந்துபோகச் செய்துகொண்டார். எங்களிடம் வந்தபோது பாலுண்ணியைவிட அந்தப் புண்தான் பெரிதாக இருந்தது.

மருத்துவர் முதலில் புண்ணை ஆற்றினார். சவரத்தையும் களிம்பையும் நிறுத்தச் சொன்னார். எச்ஐவிக்கும் மேகநோய்க்கும் ரத்தப் பரிசோதனை செய்தார். பாலுறவில் வந்த பாலுண்ணி என்றால் கூடவே வேறு ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பெரியவர்களுக்கு முகத்திலும் உடம்பிலும் ஏராளமாகவோ, வழக்கத்தைவிடப் பெரிதாகவோ வந்தால் எச்ஐவி பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. இவருக்கு எச்ஐவியும் இல்லை, மேகநோயும் இல்லை. புண் ஆறிய பிறகு, மரத்துப்போகும் களிம்பு தடவி, ஒவ்வொரு வருகையிலும் சில பருக்களை ஊசி முனையால் திறந்து உள்ளிருக்கும் வெள்ளையை எடுத்தோம். வசதி உள்ள இடங்களில் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதும் உண்டு. எடுக்க எடுக்கப் புதிது வந்ததில் அவர் மனம் உடைந்துபோனார். மருந்து தோற்றதாக அதற்கு அர்த்தம் இல்லை. ஏற்கெனவே தோலில் விழுந்த வைரஸ் பருவாகத் தலைகாட்டப் பல வாரங்கள் ஆகும். அதனால்தான் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறோம்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் பதறிக்கொண்டு வந்தார். மிச்சமிருந்த பருக்கள் சிவந்து வீங்கியிருந்தன. “சீழ் பிடித்துவிட்டது சார், ஊசி போடுங்கள்” என்றார். மருத்துவர் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சுற்றிலும் சிவப்பு பரவவில்லை, பெரிய வலியும் இல்லை. உடம்பு ஒருவழியாக வைரஸைக் கண்டுகொண்டதன் அடையாளம் அது. ஊசியும் போடவில்லை, மாத்திரையும் தரவில்லை. அவை பொருக்குத் தட்டி உதிர்ந்தன. வேறு நோய் இல்லாதவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டாலும் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் போய்விடும்; சிலருக்கு ஒன்றரை ஆண்டும் அதற்கு மேலும் இழுக்கும். பெரியம்மை வைரஸின் குடும்பத்தில் வந்ததுதான் என்றாலும், இது தோலின் மேலடுக்கைத் தாண்டி இறங்குவதில்லை. அக்கி போல உள்ளே பதுங்கியிருந்து பின்னாளில் எழும்புவதும் இல்லை. ஆனால் ஒருமுறை வந்ததால் மறுமுறை வராது என்ற காப்பும் கிடையாது.

அவர் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மனைவிக்கும் உள்தொடையில் சில பருக்கள் இருந்தன. யார் யாருக்குக் கொடுத்தது என்று இரு வீட்டாரும் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். ஒட்டிய பின் பரு தெரிய வழக்கமாக இரண்டு முதல் ஏழு வாரங்கள் ஆகும், ஆறு மாதம் வரைகூட ஆகலாம். பாலுறவில் மட்டுமல்லாமல் துண்டிலும் ஒட்டும். ஆகவே யாருக்கு முதலில் பரு தெரிந்தது என்பதை வைத்து யாரையும் குற்றவாளியாக்க முடியாது. அந்தப் பெண்ணையும் வரவழைத்துப் பார்த்து, அவருக்கும் சேர்த்தே வைத்தியம் செய்தோம். பருக்கள் போகும்வரை உறவைத் தவிர்ப்பது நல்லது. ஆணுறை ஓரளவுதான் உதவும். அது மூடாத அடிவயிற்றிலும் தொடையிலும்தானே பருக்கள் இருக்கின்றன!

இன்னொன்று. ஆணுறுப்பின் மொட்டு விளிம்பைச் சுற்றி, ஒரே அளவில், வரிசையாகச் சிறு முத்துகள் சிலருக்கு இருக்கும். நடுவில் குழி இருக்காது, பெருகாது, குறையாது, யாருக்கும் ஒட்டாது. அது நோயே அல்ல. அதற்குப் போய்ச் சுண்ணாம்பு வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த இதழில் அந்த வாசகருக்குத் திருத்திய பதில் ஒன்றை வெளியிடுங்கள். களிம்பு வாங்கியிருந்தால் அதை நிறுத்திவிட்டு, அரசு மருத்துவமனையின் தோல் அல்லது பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். மணமானவராக இருந்தால் இருவருமாகப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தேவிபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்