பங்குக் கூலியை எடைக்கு வாங்குங்கள்: ஏலத்தில் மீன் எடுத்துப் பிரித்துத் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

நாகைக் கரையில் மொத்தமாக மீன் எடுத்து எங்களைப் போன்ற சில்லறை வியாபாரிகளுக்குப் பங்கு பிரித்துத் தரும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். நான் திருவாரூர்ப் பக்கம் மீன் விற்கிறவள். 100 கிலோ மத்தியை ஒரே ஆளாக ஏலம் எடுக்க எனக்குப் பணமும் இல்லை, அவ்வளவையும் விற்க இடமும் இல்லை. நீங்கள் எடுத்து ஐந்து பேருக்குப் பிரித்துத் தருவதால்தான் என் தொழில் நடக்கிறது. அதற்குக் கூலி கேட்பது நியாயம். அதை ஏல விலையில் நூற்றுக்கு ஐந்து என்று கணக்கிடும் முறையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

ஒரு சாதாரண நாளின் கணக்கைப் பாருங்கள். மத்தி கிலோ 120 ரூபாய்க்கு ஏலம் போகிறது. என் பங்கு 20 கிலோ, விலை 2,400 ரூபாய். உங்கள் பங்குக் கூலி 120. மீனுக்குச் சம எடை என்று 20 கிலோ உடைத்த ஐஸ், அது 100 ரூபாய். லோடு ஆட்டோவில் எனக்கும் பெட்டிக்கும் சேர்த்து 150. வியாபாரத்துக்கு உட்காரும்போதே 2,770 ரூபாய் இறங்கியிருக்கிறது.

கிலோ 170 என்று விற்கிறேன். 20 கிலோவும் போனால் 3,400 ரூபாய் வரும், 630 மிஞ்சும். கரையில் பலரும் என் லாபத்தை இப்படித்தான் எண்ணுகிறார்கள். பங்குக் கூலியையும் ஐஸையும் ஆட்டோவையும் மறந்து ஆயிரம் ரூபாய் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் 20 கிலோவும் அதே விலைக்குப் போவது நடவு, அறுவடைக் கூலி கையில் புழங்கும் வாரங்களில்தான். மற்ற நாட்களில் மதியத்துக்குள் 16 கிலோ போகும். வெயில் ஏறிய பிறகு 2 கிலோவைக் கிலோ 100 ரூபாய்க்கு இறக்கிக் கொடுப்பேன். கடைசி 2 கிலோ நின்றுவிடும். கைக்கு வந்தது 2,920. மிச்சம் 150 ரூபாய். விடியுமுன் கரைக்கு வந்து, பொழுது சாயும் வரை உட்கார்ந்ததற்கான கூலி அதுதான்.

நின்ற மீனை மறுநாள் விற்கலாமே என்று கேட்பீர்கள். மத்தி எண்ணெய் மீன், வயிறு சீக்கிரம் உடைந்துவிடும். கண் உள்வாங்கி, செவுள் நிறம் மாறிய மீனைத் தலை தூக்கிப் பார்த்த உடனேயே வாங்க வந்தவர் நகர்ந்துவிடுவார். மறுபடி ஐஸ் போட்டால் அதற்கும் காசு. உப்பிட்டுக் காயவைத்தால் 2 கிலோ மத்தி ஒரு கிலோ கருவாடுகூடத் தேறாது. மழை நாளில் அதுவும் இல்லை. அதனால் கருவாடு விற்றுக் காசு கைக்கு வரும்வரை அதை வரவில் சேர்ப்பதில்லை.

இப்போது உங்கள் கூலிக்கு வருகிறேன். நல்ல நாளில் எனக்கு 630 கிடைக்கும்போது உங்களுக்கு 120. எனக்கு 150 கிடைக்கும்போதும் அதே 120. விற்காத மீனுக்கும் கூலி கொடுத்திருக்கிறேன்.

விலை ஏறும்போது இது இன்னும் கடுமையாகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, மீன் வரத்து சுருங்கிவிடும். மத்தி 180க்குப் போனால் என் 20 கிலோவுக்கு 3,600, உங்கள் கூலி 180. தராசில் வைத்துப் பிரிக்கும் வேலை கூடவில்லை. எனக்கோ, விலை ஏறிய நாளில் ஒரு கிலோ வாங்குகிறவர் அரைக் கிலோவோடு போகிறார். என் லாபம் சுருங்கும் நாளில் உங்கள் கூலி வளர்கிறது.

படகுக்காரருக்கு நீங்கள் பணம் கொடுத்துவிட்டு, எங்களிடம் மாலையில்தானே வாங்குகிறீர்கள் என்பது உண்மை. அந்தப் பணம் முடங்குவதற்கும், சில நேரம் வராமல் போவதற்கும் விலை உண்டு. ஆனால் ரொக்கம் கொடுத்து எடுக்கிறவளிடமும் அதே நூற்றுக்கு ஐந்தை வாங்குகிறீர்களே! பிரிக்கும் கூலி வேறு, கடனுக்கான கூலி வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பிரிப்பதற்குக் கிலோவுக்கு 2 ரூபாய் என்று வையுங்கள். 20 கிலோவுக்கு 40 ரூபாய். ரொக்கக்காரர் அதோடு போகட்டும். கடன் எடுப்பவருக்கு மேற்கொண்டு எவ்வளவு என்பதை மீன் பிரிக்கும் முன்பே பேசி முடித்துவிடலாம். மேலே சொன்ன சாதாரண நாளில் ரொக்கம் கொடுத்திருந்தால் எனக்கு 150க்குப் பதில் 230 நிற்கும்.

எடைக்குக் கூலி என்றால் எடையும் சரியாக இருக்க வேண்டும். தண்ணீரும் ஐஸ் துண்டும் வடிந்த பிறகு தராசில் வையுங்கள். 20 கிலோ என்று வாங்கிய பங்கு கடையில் 19 நின்றால், முழுவதும் விற்கும் நாளில் எனக்கு 170 ரூபாய் போகிறது. உங்கள் கூலியைவிட அது பெரிய தொகை.

அடுத்த ஏலத்துக்கு நான் ரொக்கத்தோடு வருகிறேன். என் பங்கை வடித்து நிறுத்து, கிலோவுக்கு 2 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுக்க உங்களில் யார் சம்மதிக்கிறீர்களோ, அவரிடமே எடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் பங்கு எடுக்கும் மீன் வியாபாரி ஒருத்தி