சுவரிடம் சொன்ன பாட்டி

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள கோமதி,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாதது தவறுதான். நீ கேட்ட செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சின்னவன் விடுதியில் சேர்ந்துவிட்டான். பங்கஜம் அக்கா இன்னமும் அதே குடையோடுதான் வருகிறார்.

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் பள்ளியின் ஆண்டு விழா. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள அறுபது பிள்ளைகளை ஒரே நாடகத்தில் மேடை ஏற்ற வேண்டும், பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, எந்தப் பிள்ளையும் விடுபடக் கூடாது என்று என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் எடுத்துக்கொண்டது உன் ஆயா நம் இருவருக்கும் சொன்ன கதை. இரண்டு மகன்களும் இரண்டு மருமகள்களும் நாள் முழுவதும் ஏச, சொல்லி அழ ஆளில்லாமல் எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே பருத்துப்போன கிழவி ஒருத்தி, ஊருக்கு வெளியே கூரையில்லாத பாழ்வீட்டுக்குள் போய் நான்கு சுவர்களிடமும் தன் குறைகளைச் சொல்ல, ஒவ்வொரு சுவராக இடிந்து விழுந்து, அவள் உடம்பு இளைத்து வீடு திரும்பிய கதை.

முதலில் எழுதிய பிரதியை நீ பார்த்திருந்தால் கிழித்திருப்பாய். கதையில் ஐந்தே பேர். என்னிடம் அறுபது பேர். ஆகவே கதையில் இல்லாத சந்தை, கல்யாணம், கோயில் திருவிழா என்று மூன்று காட்சிகளைச் சேர்த்து, ஆளுக்கு ஒரு வசனமாகப் பிரித்துக் கொடுத்தேன். முதல் ஒத்திகை முப்பத்தெட்டு நிமிடம் ஓடியது. வசனம் நீளமாக இருந்தது காரணமில்லை. ஒரு கூட்டம் இறங்கி அடுத்த கூட்டம் ஏறுவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் போனது. ஒலிவாங்கி கை மாறுவதற்குள் முன்னால் பேசியவன் என்ன சொன்னான் என்பதே மறந்துபோனது. எல்லாவற்றையும்விட, கிழவி எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியிருந்தது.

அன்று இரவு கதையை மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தபோதுதான், ‘பலர்’ என்பது கதைக்குள்ளேயே இருக்கிறது என்பது புரிந்தது. சுவர் என்பது பல கற்கள். நான்கு சுவர், சுவருக்குப் பன்னிரண்டு கல், நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். கிழவி ஒருத்தி, வீட்டார் நால்வர், கட்டியங்காரர் இருவர், திரை பிடிக்க இருவர், தாளத்துக்கும் ஓசைக்கும் மூவர். அறுபது சரியாக வந்துவிட்டது. சேர்த்த மூன்று காட்சிகளையும் அடித்துவிட்டேன். யாரும் மேடையை விட்டு இறங்குவதே இல்லை என்று விதி வைத்தேன். முதல் பாதியில் அந்த நாற்பத்தெட்டுப் பேரும் மேடையின் இரு பக்கமும் உட்கார்ந்து தெருவாக, அண்டை வீடாக இருப்பார்கள். கட்டியங்காரன் “பாழ்வீடே, எழுந்து வா” என்று கூப்பிடும்போது எழுந்து வந்து சுவராக நிற்பார்கள். எட்டு வயதுப் பிள்ளையைப் பன்னிரண்டு நிமிடம் அசையாமல் நிற்கவைக்க முடியாது. நான்கு நிமிடம் நிற்பார்கள், பார்த்துவிட்டேன்.

அடுத்த சிக்கல்தான் என்னை உண்மையாகவே வாட்டியது. கிழவி சுவரைப் பார்த்துப் பேச வேண்டும். சுவரைப் பார்த்தால் கூட்டத்துக்கு முதுகு காட்டுவாள்; சொல் கேட்காது. எங்கள் மேடை திறந்தவெளியில் போடுவது. மாலையில் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து கடற்காற்று அடித்தால் ஒலிவாங்கியில் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். அவளைக் கூட்டத்தைப் பார்த்துப் பேசவைத்து ஒருநாள் ஒத்திகை நடத்தினேன். கதையை அறியாத எங்கள் பள்ளி ஆயாம்மாவை மைதானத்தின் கடைசியில், வேப்பமரத்தடியில் நிறுத்தி, என்ன புரிந்தது என்று கேட்டேன். “பாட்டி நம்மகிட்ட கதை சொல்லுது, பின்னாடி புள்ளைங்க கால் வலிச்சு உக்காருதுங்க” என்றார். நாடகத்தின் உயிரே போய்விட்டது என்று தெரிந்தது.

வழி காட்டியது கூத்துதான், கோமதி. திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தோமே, வேடக்காரர் ஓர் அடி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை எடுத்துத் திருப்பிப் பாடுவார்களே, நினைவிருக்கிறதா? நாம் தூரத்தில் இருந்தும் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டோம் என்றால் அந்த இரண்டாம் முறையால்தான். அதையே சுவருக்குக் கொடுத்தேன். பாழ்வீட்டில் பேசினால் எதிரொலிக்கும் அல்லவா? கிழவி சுவரைப் பார்த்தே பேசட்டும். சுவர் கூட்டத்தைப் பார்த்து நின்று அவள் சொன்னதன் கடைசிப் பகுதியைத் திருப்பிச் சொல்லட்டும். வீட்டில் யாரும் காதில் வாங்காத சொல்லை முதன்முதலாகச் சுவர் திருப்பித் தருகிறது என்ற பொருளும் அதில் தானாக வந்து சேர்ந்தது.

முதல் சுவரை அப்படியே எழுதிக் காட்டுகிறேன். கிழவி, “ரசத்துக்குக் கொஞ்சம் உப்புக் கேட்டேன், இந்த வயதில் உனக்கெதற்கு நாக்கு என்று கேட்டான்” என்பாள். பன்னிரண்டு பேரும் “நாக்கு என்று கேட்டான்” என்பார்கள். சொல்லி முடித்ததும் நால்வர் மடங்குவார்கள். மீதி எட்டுப் பேர் “என்று கேட்டான்”. இன்னும் நால்வர் மடங்குவார்கள். கடைசி நால்வர் “கேட்டான்” என்று மட்டும் சொல்லி மடங்குவார்கள். பன்னிரண்டு, எட்டு, நான்கு என்று குரல் குறைவதால், யாரும் மெதுவாகப் பேசப் பழகாமலேயே எதிரொலி தேய்கிறது. உடனே ஓசைக்காரர் முறத்தில் இருக்கும் புளியங்கொட்டையைச் சரியவிடுவார். மண் உதிர்வது போலவே கேட்கும். முன்பு பன்னிரண்டு பேரையும் ஒன்றாக விழச் சொன்னபோது ஒருவனின் முழங்கை இன்னொருத்தியின் மூக்கில் பட்டு, கூட்டம் சிரித்து, அவள் அழுதுவிட்டாள். இப்போது முன்வரிசை முதலில் முழந்தாளிட்டு, பிறகு நெற்றியை முட்டியில் வைத்துக்கொள்கிறது. யார் மேலும் யாரும் படுவதில்லை. பின்வரிசையின் முகமும் மறைவதில்லை.

கூட்டத்தின் பக்கம் இருக்கும் சுவரில்தான் மூன்றாம் வகுப்புச் சிறியவர்களை வைத்திருக்கிறேன். அவர்கள் சுவராக வந்ததும் உட்கார்ந்துவிடுவதால் உள்ளே நடப்பது தெரியும். அது முதலில் விழும், பிறகு இடது, வலது, கடைசியில் பின்சுவர். முதலில் பின்சுவரை விழவைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்த ஒரே காட்சி முன்சுவருக்குப் பின்னால் மறைந்துபோனது.

கிழவி பருப்பதை என்ன செய்வது என்று பலநாள் யோசித்தேன். வகுப்பில் சற்றுப் பருமனான பிள்ளையை அந்த வேடத்துக்கு எடுத்தால் ஆண்டு முழுவதும் அவளை அந்தப் பெயரால் கூப்பிடுவார்கள். வயிற்றில் துணி சுற்றினாலும் அது சிரிப்புக்குத்தான் வழி. ஆகவே ஒவ்வொரு ஏச்சுக்கும் ஒரு மூட்டை என்று வைத்தேன். பழைய தலையணைப் பஞ்சை அடைத்த, தோளில் மாட்டும் பட்டை வைத்த எட்டு மூட்டைகள். நால்வரும் ஆளுக்கு இரண்டு முறை ஏசுவார்கள்; ஏசி முடிக்கும்போது மூட்டையை அவள் தோளில் மாட்டிவிடுவார்கள். ஒரு சுவர் மடங்கும்போது இரண்டு மூட்டை இறங்கும். கயிறு கட்டிப் பார்த்தபோது முடிச்சு அவிழாமல் எல்லாம் நின்றுவிட்டது. பட்டை ஓர் இழுப்பில் கழன்றுவிடுகிறது.

இனி நான் எழுதப்போவதை யாரிடமும் சொல்லாதே. ஏச்சு வசனங்கள் செயற்கையாக இருந்ததால், வீட்டில் பெரியவர்களை எப்படிப் பேசுவார்கள் என்று பிள்ளைகளையே கேட்டு எழுதிவரச் சொன்னேன். மறுநாள் அறுபது தாள்கள் வந்தன. ஆசிரியர் அறையில் உரக்க வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாவது தாளுக்குப் பிறகு என்னால் முடியவில்லை. ஒரு தாளில், பாட்டியின் மாத்திரைச் செலவைப் பற்றி அப்பா சொன்ன வாக்கியம், அவர் குரலே கேட்பது போல, எழுத்து மாறாமல் இருந்தது. அதைவிடக் கூர்மையான வசனம் எனக்கு வாழ்நாளில் வராது. ஆனால் அந்த அப்பாவும் அந்தப் பாட்டியும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். தாள்களைக் கட்டிப் பூட்டி வைத்துவிட்டு, உப்பு, வெந்நீர், வானொலிச் சத்தம், திண்ணையில் காயவைத்த வடகம் என்று எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய சின்னச் சின்ன ஏச்சுகளை நானே எழுதினேன். சின்ன ஏச்சே போதுமானதாக இருக்கிறது. உப்புக்கு ஒரு மூட்டையா என்று பார்ப்பவர்களுக்கு உறுத்தும்.

கூரையில்லாத வீடு எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். 2011 டிசம்பர் இறுதியில் ‘தானே’ புயல் அடித்த மறுநாள் நாம் இருவரும் கண்ட அந்த ஓட்டு வீட்டை வருணித்தேன். உள்ளே நின்று அண்ணாந்தபோது வானம் தெரிந்ததே, அதைச் சொன்னேன். அன்றிலிருந்து ‘பாழ்வீடே, எழுந்து வா’ என்றதும் எல்லாப் பிள்ளைகளும் தாங்களாகவே ஒருமுறை மேலே பார்த்துவிட்டுத்தான் நிற்கிறார்கள்.

இப்போது மிச்சம் இருப்பது முடிவு. மகன்களும் மருமகள்களும் ஓடிவந்து காலில் விழ வேண்டும், முதியோரைப் போற்றுவோம் என்று அறுபது பேரும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்று பள்ளியில் கேட்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. உன் ஆயா சொன்னதில் அப்படி எதுவும் இல்லை. ஏ.கே. ராமானுஜன் 1991இல் ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்ட இந்திய நாட்டார் கதைகளிலும் இது தமிழ்க் கதையாக இருக்கிறது. அங்கேயும் அவள் இளைத்து, வீட்டுக்குத் திரும்புகிறாள், அவ்வளவுதான். அவர்கள் திருந்திவிட்டால் சுவர்கள் விழுந்ததற்கு என்ன பொருள்? அவளைக் கேட்டது சுவர் மட்டுமே என்பதுதான் கதை. இதை இரண்டு முறை பொறுமையாகச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மூன்றாம் முறை சொல்வேன்.

நான் எழுதியிருக்கும் முடிவு இது. நாற்பத்தெட்டுப் பேரும் மடங்கிக் கிடக்க, மூட்டையில்லாத கிழவி கோலை ஊன்றாமல் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் நடுவே நடக்கிறாள். கட்டியங்காரன், “எங்கே பாட்டி கிளம்பிவிட்டாய்?” என்கிறான். “வீட்டுக்குத்தான். உலை வைக்க வேண்டுமே” என்கிறாள். திரை வருகிறது.

“உலை வைக்க வேண்டுமே” என்பதா, வெறும் “வீட்டுக்குத்தான்” என்பதா, இந்த ஒன்றில் எனக்கு உறுதி வரவில்லை. உலை என்றால் அவள் பழைய வேலைக்கே போகிறாள் என்று சிலருக்குத் துக்கமாகப் படலாம். எனக்கோ அந்தச் சொல்லில்தான் அவள் ஆளாக நிற்கிறாள். ஆயா எப்படி முடிப்பார் என்று உனக்குத்தான் சரியாக நினைவிருக்கும். நான் அதற்குள் தூங்கிப்போயிருப்பேன் என்று நீ எப்போதும் சொல்வாய். கடைசி ஒத்திகைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. ஆயா சொன்ன கடைசி வாக்கியத்தை உடனே எழுதி அனுப்பு.

அன்புடன்,
வசந்தா